எட்டாவது கேன் எங்கே?

"திருவட்டார் பக்கம் எங்க பால் சங்கத்துல காலை, மாலை ரெண்டு வேளைக் கணக்கும் மொபைல் டேட்டா வழியாத்தான் பால் ஒன்றியத்தோட மத்திய சர்வருக்கு ஏறுது. சில நாள் ஒரே ஆளோட பால் ரெண்டு தடவை ஏறிடுது. சில நாள் ஊத்தின பால் கணக்குலயே வர்றதில்ல. சிக்னல்தான் பிரச்சினைன்னு சொல்றாங்க. வேற சிம் போட்டா சரியாகுமா?"

சிம் மாற்றினால் தொல்லை குறையலாம், தீராது. இரண்டு முறை ஏறுவதும் ஏறாமலே போவதும் வேறு வேறு கோளாறு போலத் தெரிந்தாலும், பெரும்பாலான இடங்களில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இந்த மாவட்டத்துச் சங்கங்களில் சேகரிப்பு இயந்திரங்களையும் அவற்றின் மென்பொருளையும் பொருத்திக் கொடுக்கும் வேலையில் சில வருடங்கள் இருந்தேன். அப்போது நானே தவறாகச் செய்து, பிறகு திருத்திய ஒன்று இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேச்சிப்பாறை போகும் வழியில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சேகரிப்பு மையம். ஒரே ஒரு அறை. தராசு, பால் பரிசோதிக்கும் கருவி, ஒரு சின்ன கணினி, சீட்டு அடிக்கும் பிரிண்டர், சன்னலில் கட்டி வைத்த மோடம். உறுப்பினர் பாலை ஊற்றியதும் லிட்டரும் கொழுப்பும், கொழுப்பு தவிர்த்த திடச்சத்தான எஸ்.என்.எஃப்.பும் பதிவாகும். சீட்டு அடிக்கும். அந்தப் பதிவு உடனே சர்வருக்குப் போகும். நாங்கள் எழுதிய மென்பொருள் அதை அனுப்பிவிட்டு 20 விநாடி காத்திருக்கும். "வந்தது" என்று சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்பும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை பிடித்த சமயம். ஒரு நாள் காலை செயலாளர் போன் செய்தார். "அண்ணே, வண்டியில ஏழு கேன்தான் ஏத்திவிட்டேன். ஒன்றியத்துல 312 லிட்டர்னு காட்டுதாம். எட்டாவது கேனுக்கு நான் எங்க போவேன்?"

அவர் சொன்னது அப்படியே சரி. 40 லிட்டர் கேன் ஆறு நிறைந்து, ஏழாவதில் முக்காலுக்குச் சற்றுக் குறைவு. மையத்துக் கணினியில் 42 பதிவு, 268.4 லிட்டர். சர்வரிலோ 49 பதிவு, 312.6 லிட்டர். இடைவெளி 44.2 லிட்டர். லிட்டருக்கு 35 ரூபாய் என்று வைத்தாலும் ஒரே வேளையில் 1,547 ரூபாய், யாரும் கறக்காத பாலுக்கு. இது பட்டுவாடா வரைக்கும் போயிருந்தால் பழி செயலாளர் தலையில்தான் விழுந்திருக்கும்.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 63-ஆம் எண் உறுப்பினரின் பதிவை மட்டும் இங்கே சொல்கிறேன். 5.8 லிட்டர், கொழுப்பு 4.3, எஸ்.என்.எஃப். 8.4, ஊற்றிய நேரம் 6:42:10. சர்வரில் இதே வரி, ஒரு புள்ளிகூட மாறாமல் இரண்டு முறை இருந்தது. சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் மட்டும் வேறு. முதல் வரி 6:42:14-க்கு, இரண்டாவது 6:42:34-க்கு. நடுவில் சரியாக 20 விநாடி. கூடுதலாக இருந்த ஏழு பதிவுகளிலும் அதே 20 விநாடி இடைவெளி, சிலவற்றில் ஒன்றிரண்டு விநாடி கூடக்குறைய.

என்ன நடந்தது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. பதிவு முதல் தடவையே சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து திரும்பி வந்த பதில்தான் வழியில் தொலைந்தது. மையத்துக் கணினிக்குத் தெரிந்ததெல்லாம் பதில் வரவில்லை என்பது மட்டுமே. போனது சேரவில்லையா, சேர்ந்தும் பதில் திரும்பவில்லையா என்று இந்தப் பக்கம் இருந்துகொண்டு அதனால் பிரித்துச் சொல்லவே முடியாது. எவ்வளவு நல்ல சிம் போட்டாலும் இது மாறாது. சிக்னல் நன்றாக இருந்தால் இப்படி நடப்பது மாதத்தில் ஒரு தடவையாகக் குறையும், அவ்வளவுதான். அந்த ஒரு தடவை இன்னும் மோசம், ஏனென்றால் யாரும் அதைத் தேட மாட்டார்கள்.

அப்புறம் நாங்கள் செய்த அவசரத் திருத்தம்தான் உங்கள் இரண்டாவது புகாருக்குக் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். "ஒரே வேளையில் ஒரே உறுப்பினரின் பதிவு இன்னொரு முறை வந்தால் தள்ளிவிடு" என்று சர்வரில் ஒரு விதி போட்டோம். இரட்டைப் பதிவு அன்றே நின்றது. எங்களுக்கும் நிம்மதி. அடுத்த பட்டுவாடாவில் ஒரு அம்மா சீட்டுக் கட்டோடு வந்து நின்றார். அவர்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு அந்த அம்மா இரண்டு மாட்டைக் கறந்து 4.6 லிட்டர் கொண்டு வருவார். கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டு வந்து, மூன்றாவது மாட்டைக் கறந்து ஏழு மணிக்கு மேல் 2.2 லிட்டர் ஊற்றுவார். உறுப்பினர் எண் ஒன்றுதான். எங்கள் விதி அந்த 2.2 லிட்டரை ஒவ்வொரு நாளும் சத்தமில்லாமல் தள்ளியிருக்கிறது. அந்த அம்மா ஒரு சீட்டையும் விடாமல் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்ததால்தான் வெளியே தெரிந்தது. பசும்பாலையும் எருமைப்பாலையும் தனித்தனியாக ஊற்றுகிறவர்களுக்கும் இதே கதைதான் ஆகியிருக்கும்.

ஆக, ஒரு பதிவைப் பார்த்து "இது முன்பே வந்ததா, புதிதா" என்று சர்வர் முடிவு செய்ய வேண்டும். அதற்கு லிட்டரையும் கொழுப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஊகம். உறுப்பினர் எண்ணை ஒப்பிடுவதும் ஊகம். பால் ஊற்றும் அந்த நொடியிலேயே, மையத்திலேயே, அந்த ஊற்றுக்கு என்று ஒரு எண் கொடுத்துவிட வேண்டும். எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் அதே எண்ணோடுதான் போக வேண்டும். எண்ணை சர்வர் கொடுக்கிற மாதிரி வைத்தால் பயனில்லை. ஒவ்வொரு தடவை வரும்போதும் அது புது எண் கொடுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் முதல் மென்பொருளில் இருந்த ஓட்டை அதுதான்.

சர்வர் பக்கம் இதற்குச் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். அந்த எண்ணின் இரண்டு பாகங்களான இயந்திர எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்து ஒரு தடவைக்கு மேல் வரக்கூடாது என்று அட்டவணையில் கட்டுப்பாடு போட்டுவிட்டு, இப்படி எழுதினால் போதும்:

```sql
INSERT INTO pours
  (device, seq, member, day, shift, litre, fat, snf)
VALUES ($1, $2, $3, $4, $5, $6, $7, $8)
ON CONFLICT (device, seq) DO NOTHING;
```

புதிதாக இருந்தால் எழுதும், முன்பே இருந்தால் தொடாது. முக்கியமான விஷயம், இரண்டு நிலையிலும் சர்வர் "வந்தது" என்ற ஒரே பதிலைத்தான் திருப்ப வேண்டும். முன்பே இருப்பதைப் பிழை என்று சொல்லித் திருப்பினால், மையத்துக் கணினி அது சேரவில்லை என்று நினைத்து நாள் முழுக்க அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இங்கே இன்னொரு குழி இருக்கிறது, அதிலும் ஒரு முறை விழுந்தோம். எண்ணை முதலில் மையம், தேதி, வேளை, வரிசை என்று சேர்த்து அமைத்தோம். `118-20190614-M-027` என்பது மாதிரி. பார்த்தவுடனே புரியும், அழகாகவும் இருந்தது. ஒவ்வொரு வேளையும் வரிசை 1-லிருந்து தொடங்கும். ஒரு மையத்தில் கணினியின் கடிகாரத்துக்கான நாணய பேட்டரி செத்துப் போயிருந்தது. கரண்டு போய் வந்தால் தேதி 2000 ஜனவரி 1-க்குப் போய்விடும். முதல் நாள் காலைப் பதிவுகள் அந்தத் தேதியில் ஏறின. ஒன்றியத்தில் யாரோ கவனித்து, சர்வரில் தேதியை மட்டும் திருத்திவிட்டார்கள். எண் அப்படியே இருந்தது. மறுநாளும் காலையில் கரண்டு போனது. அன்றைய பதிவுகளும் `20000101-M-001` என்று தொடங்கின. சர்வர் எல்லாவற்றுக்கும் "வந்தது" என்று பதில் சொல்லிவிட்டு ஒன்றைக்கூட எழுதவில்லை. அதன் கணக்கில் அவை முன்பே இருக்கும் எண்கள். மையத்தில் எல்லாம் பச்சை. ஒரு வேளைப் பால் முழுவதும் காணாமல் போனது.

அதிலிருந்து தேதியை எண்ணுக்குள் வைப்பதில்லை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு எண், அதற்குப் பின்னால் எப்போதும் ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை. அது வேளைக்கும் நாளுக்கும் வருடத்துக்கும் திரும்பத் தொடங்குவதில்லை. கணினியை அணைத்துப் போட்டாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். தேதியும் வேளையும் பதிவுக்குள் மற்ற விவரங்களோடு இருக்கும், திருத்த வேண்டியிருந்தால் திருத்தலாம். கணினி கெட்டு மாற்றினால் புதுக் கணினிக்குப் புது இயந்திர எண் கொடுக்க வேண்டும். பழைய எண்ணையே கொடுத்து வரிசையை 1-லிருந்து தொடங்கினால் அதே குழிதான். கூடவே ஒரு சின்னக் காவல்: கடைசியாக எழுதிய பதிவின் தேதியைவிட கணினியின் தேதி பழையதாக இருந்தால், தேதியைச் சரிசெய்யும் வரை மென்பொருள் வேளையைத் தொடங்கவே விடாது.

செயலாளர் திருத்துவதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். உறுப்பினர் எண் 36-க்குப் பதில் 63 என்று அடித்துவிட்டு, சீட்டு போன பிறகு கவனிப்பார். பழைய பதிவையே மாற்றி அதே எண்ணோடு திரும்ப அனுப்பினால், மேலே காட்டிய கட்டளை அதைத் தொடாமல் விட்டுவிடும். திருத்தம் சர்வருக்குப் போகாது, போகவில்லை என்றும் தெரியாது. பழைய காகித ரெஜிஸ்டரில் எழுதியதை அழிக்க மாட்டோம். அடித்துவிட்டு அடுத்த வரியில் சரியாக எழுதிக் கையெழுத்துப் போடுவோம். இங்கேயும் அதேதான். இன்ன எண்ணை ரத்து செய்கிறேன் என்று ஒரு புதுப் பதிவு, சரியான விவரத்தோடு இன்னொரு புதுப் பதிவு, இரண்டுக்கும் தனித்தனி வரிசை எண். அதே எண்ணில் வேறு விவரம் வந்தால் சர்வர் அதைத் தனியே எடுத்து வைத்து, ஒருவர் கண்ணில் படும்படி காட்ட வேண்டும்.

இனி, பதிவுகள் எங்கே காத்திருக்கின்றன என்பது. பால் ஊற்றியதும் பதிவு முதலில் கணினியின் டிஸ்கில் எழுதப்பட வேண்டும், அதன் பிறகுதான் சீட்டு அடிக்க வேண்டும். அனுப்புவது தனி வேலை, அது தன் பாட்டுக்குப் பின்னால் ஓடட்டும். அனுப்ப வேண்டியதை நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும் மென்பொருள்களைப் பார்த்திருக்கிறேன். காலை ஏழே முக்காலுக்குக் கடைசி ஆள் போனதும் செயலாளர் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார், அவருக்கும் மாடு இருக்கிறது. அனுப்பாமல் காத்திருந்த கடைசி ஐந்தாறு பதிவுகள் அந்த சுவிட்சோடு போய்விடும். டிஸ்கில் இருந்தால் மாலையில் இயந்திரத்தைப் போட்டதும் முதல் வேலையாக அவை ஏறும். தாமதமாக வந்த பதிவை அது ஊற்றிய வேளையில்தான் சேர்க்க வேண்டும், வந்து சேர்ந்த வேளையில் சேர்த்துவிடக் கூடாது.

கடைசியாக, வேளை முடிந்ததும் மையம் ஒரு முடிப்பு அனுப்ப வேண்டும். இந்த வேளைக்கு 42 பதிவு, 268.4 லிட்டர், வரிசை 5,311-லிருந்து 5,352 வரை. அவ்வளவுதான். சர்வர் தன்னிடம் இருப்பதைக் கூட்டிப் பார்த்து, பொருந்தினால் "பொருந்தியது" என்று சொல்லும். இல்லையென்றால் எந்த எண் குறைகிறது என்று கேட்கும், மையம் அதை மட்டும் திரும்ப அனுப்பும். வரிசை எண் இடைவெளி இல்லாமல் ஓடுவதால் 5,330 இல்லை என்பதை சர்வர் தானே கண்டுபிடித்துவிடும். திரையில் பச்சை விளக்கு இந்தப் பதிலுக்குப் பிறகுதான் எரிய வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் பச்சை காட்டுவதைவிட வேளைக்கு ஒரு பச்சை காட்டுவது செயலாளருக்கும் எளிது, அவர் அதைப் பார்த்துவிட்டு அறையைப் பூட்டலாம்.

சிக்னலைப் பற்றிக் கேட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பதிவு ஏறக்குறைய 150 பைட்டு. 42 பதிவும் சேர்ந்து ஆறு, ஏழு கே.பி. வாட்சப்பில் வரும் ஒரு படத்தின் ஓரத்துக்குக்கூட வராது. பழைய 2ஜி கிடைத்தாலும் சில விநாடியில் போய்விடும். நேரம் பிடிப்பது ஒவ்வொரு தடவையும் புதிதாக இணைப்பு ஏற்படுத்துவதில்தான். அதனால் ஒவ்வொன்றாக அனுப்பாமல், பத்து இருபது சேர்த்து ஒரே இணைப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பதிவுகளுக்குச் சொந்த எண் இருந்தால் பாதியில் அறுந்தாலும் பயமில்லை, முழுக்கட்டையும் திரும்ப அனுப்பலாம்.

சிக்னல் கோடு முழுதாக இருந்தும் டேட்டா ஓடாத நிலைதான் இங்கே அதிகம் ஏமாற்றுவது. முதலில் ரீசார்ஜைப் பாருங்கள். 28 நாள் திட்டம் முடிந்திருந்தாலும் கோடு நிற்கும், மோடத்துக்குள் கிடக்கும் சிம்முக்கு வரும் எஸ்.எம்.எஸ்.ஸை யாரும் படிப்பதில்லை. களியக்காவிளை, பளுகல் பக்கம் எல்லையோரம் இருக்கும் மையம் என்றால் மோடம் கேரளத்து டவரைப் பிடித்துவிடும். டேட்டா ரோமிங் அணைத்து வைக்கப்பட்டிருந்தால் கோடு தெரியும், ஒரு பைட்டும் போகாது. இவை இரண்டும் இல்லையென்றால் மோடத்தை ஒரு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். உடனே ஓடினால், டேட்டா இணைப்பு மட்டும் உள்ளே அறுந்து கிடந்திருக்கிறது. தொடர்ந்து பல முறை அனுப்ப முடியாமல் போனால் மோடத்தைத் தானாகவே அணைத்துப் போடும்படி மென்பொருளில் வைக்கலாம். இதையெல்லாம் பார்த்த பிறகும் சிக்னல் போதவில்லை என்றால் அப்போது சிம்மை மாற்றுங்கள்.

உங்கள் சங்கத்தில் எது நடக்கிறது என்பதை நீங்களே ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம். தகராறு வந்த ஒரு வேளையை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்துக் கணினியில் அந்த வேளையின் முழுப் பட்டியலையும் அச்சடியுங்கள். ஒன்றியத்தில் அதே வேளையின் பட்டியலைக் கேளுங்கள், பதிவு சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தோடு சேர்த்துக் கேளுங்கள், அது இல்லாமல் பட்டியல் பாதிதான் பேசும். இரட்டை வரிகளில் எல்லா விவரமும் ஒன்றாகவே இருந்து, வந்த நேரம் மட்டும் ஏதோ ஒரு நிலையான இடைவெளியில் விலகியிருந்தால், அது திரும்ப அனுப்பியதால் வந்தது. காணாமல் போனவை எப்போதும் ஒரு உறுப்பினரின் இரண்டாவது ஊற்றாக இருந்தால், எங்களைப் போலவே யாரோ அவசர விதி போட்டிருக்கிறார்கள். காணாமல் போனவை வேளையின் கடைசிப் பதிவுகளாக இருந்தால் சுவிட்சைச் சந்தேகப்படுங்கள். முழு வேளையே இல்லையென்றால் கணினியின் தேதியைப் பாருங்கள்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மென்பொருள்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். ஒரு ஊற்றுக்கான எண்ணை எங்கே கொடுக்கிறீர்கள், மையத்திலா சர்வரிலா? வேளை முடிந்ததும் எண்ணிக்கையையும் லிட்டரையும் சர்வர் சரிபார்த்துப் பதில் சொல்கிறதா? முதல் கேள்விக்கு "சர்வரில்" என்றோ இரண்டாவதுக்கு "இல்லை" என்றோ பதில் வந்தால் எங்கே திருத்த வேண்டும் என்று அவருக்கே புரிந்துவிடும்.

திருத்தம் வரும் வரைக்கும், ஒவ்வொரு வேளையும் முடிந்ததும் எத்தனை பேர் ஊற்றினார்கள், மொத்தம் எத்தனை லிட்டர், எத்தனை கேன் வண்டியில் ஏறியது என்று மூன்றே எண்ணை ஒரு நோட்டில் எழுதி, ஒன்றியத்துக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிவிடுங்கள். உறுப்பினர்களிடம் பட்டுவாடா முடியும் வரை சீட்டுகளை எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். புது மென்பொருள் வரும்போது அந்த இயந்திர எண்ணையும் வரிசை எண்ணையும் சீட்டிலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள். அந்த அம்மா மாதிரி ஒருவர் சீட்டோடு வந்து நின்றால், சர்வரில் அந்த ஒரு எண்ணைத் தட்டிப் பார்த்து அவர் எதிரிலேயே பதில் சொல்லிவிடலாம்.